சத்தம் போடாத குழப்பம்

முதியோர் செவிலியம் படிக்கும் மாணவிகளுக்கு வரும் அசைன்மென்ட் ஒன்று. தாளில் இருப்பவர் கற்பனை நோயாளிதான். ஆனால் எலும்பு வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பாட்டி புதியவரல்ல. வயது 78. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். நைட் டியூட்டி நர்ஸ் எழுதிவிட்டுப் போன குறிப்பு: 'அமைதியாகத் தூங்கினார், தொந்தரவு இல்லை.' காலையில் மகள் வந்து சொல்கிறார்: "நேத்து சாயங்காலம்கூட பேரன்கிட்ட நல்லா பேசிட்டு இருந்தாங்க சிஸ்டர். இன்னைக்கு எழுப்பினாலும் ரெண்டு வார்த்தைல மறுபடி சொக்கிடறாங்க."

விடை டெலிரியம். உடம்பில் வேறெங்கோ ஏற்பட்ட கோளாறு மூளையின் கவனத்தையும் விழிப்பையும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ குலைத்துவிடும் நிலை. மாதக்கணக்கில் மெல்லத் தேயும் மறதி நோயிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இந்த வேகமும், நேரத்துக்கு நேரம் மாறும் குணமும்தான். டியூபைப் பிடுங்கி எறிந்து கத்துகிறவரை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். சொக்கிக் கிடப்பவர்தான் தப்பிவிடுகிறார். 'தொந்தரவு இல்லை' என்ற குறிப்பு ஆபத்தாவது அங்கேதான்.

கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், இரண்டு நிமிடம் போதும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவாகி இன்று பல நாடுகளில் புழங்கும் 4ஏடி என்ற சோதனையில் நான்கே படிகள். பாட்டியை வைத்தே போட்டுப் பார்க்கலாம். முதலில் விழிப்பு: பேச்சுக் கொடுத்தும் தெளியாமல் சொக்குகிறார், எனவே 4. அடுத்து வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடக்கும் ஆண்டு. வயதைச் சரியாகச் சொன்னவர், இருப்பது தங்கை வீடு என்கிறார், ஆண்டும் தவறு. இரண்டோ அதற்கு மேலோ பிழை என்றால் 2. மூன்றாவது, டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லவேண்டும். ஏழு மாதமாவது வந்தால் பூஜ்யம். பாட்டி நவம்பரோடு நின்றுவிடுகிறார், 1. கடைசிக் கேள்வி, திடீர் மாற்றம் உண்டா என்பது. மகள் சொன்னதே இங்கே சாட்சி: 4. மொத்தம் 11. நான்கைத் தொட்டாலே டெலிரியம் என்று சந்தேகிக்கவேண்டும்.

மகளின் அந்த ஒரு வாக்கியமே தனியாக நின்று எல்லையைத் தொட்டுவிடுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். பாட்டியின் வழக்கமான பேச்சு எப்படி இருக்கும் என்று வார்டில் யாருக்கும் தெரியாது. மாதக் கேள்விக்கும் ஒரு குறை உண்டு: பள்ளிக்கே போகாத முதியவர் அதில் தடுமாறினால் அளக்கப்படுவது கவனமா படிப்பா என்று யோசிக்கத்தான் வேண்டும். பிறந்த தேதியே தெரியாத தலைமுறை இன்னும் இருக்கிறது.

மதிப்பெண் போட்டதோடு வேலை முடிவதில்லை, காரணத்தைத் தேடவேண்டும். பாட்டியின் கேஸ் ஷீட்டில் முந்தைய இரவு அரிப்புக்காகப் பழைய வகை அலர்ஜி ஊசி ஒன்று போட்ட குறிப்பு இருக்கிறது. அந்த வகை மருந்து வயதான மூளையை மந்தமாக்கும். சிறுநீர்ப்பை சுருங்குவதையும் தடுக்கும். மாணவி அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கல் போல இருக்கிறது. காலையில் டியூபை எடுத்த பிறகு பாட்டி சிறுநீரே கழிக்கவில்லை. தேங்கிய சிறுநீரும் அந்த வலியும்கூடக் குழப்பத்தைக் கூட்டும். மருத்துவரிடம் சொல்லி சிறுநீரை வெளியேற்றுவது, அந்த ஊசியை நிறுத்தச் செய்வது, காய்ச்சல், ஆக்ஸிஜன், சர்க்கரை, சோடியம் பார்ப்பது என்று அடுத்தடுத்த வேலைகள் வருகின்றன. கையைக் கட்டிலோடு கட்டுவதோ, தூங்கட்டும் என்று மயக்க மருந்து கேட்பதோ நிலைமையை மோசமாக்கவே வாய்ப்பு அதிகம்.

தடுத்திருக்க முடியுமா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஷாரன் இனோய் குழு 70 வயதைக் கடந்த 852 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 1999இல் முடிவை வெளியிட்டது. செய்ததெல்லாம் எளிய காரியங்கள்: கண்ணாடியும் காது மிஷினும் கைக்கெட்டும்படி வைத்தார்கள், எழுப்பி நடக்கவிட்டார்கள், தண்ணீர் குடிக்கவைத்தார்கள், நாளையும் இடத்தையும் நினைவூட்டிப் பேசினார்கள். தூக்க மாத்திரைக்குப் பதில் வெதுவெதுப்பான பால், மெல்லிய இசை, முதுகு நீவல். வழக்கமான கவனிப்பில் நூற்றுக்கு 15 பேருக்கு வந்த டெலிரியம், இவர்களில் ஏறக்குறைய 10 பேருக்கே வந்தது.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. டெலிரியம் ஏற்கெனவே வந்துவிட்டவர்களிடம் இந்தக் கவனிப்பு அதன் தீவிரத்தைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை. அதனால்தான் நல்ல விடைத்தாள் ஆபரேஷனுக்கு முன்பே தொடங்குகிறது: அட்மிஷன் அன்றே 4ஏடி, மாத்திரைப் பட்டியல், 'வீட்டில் எப்படி இருப்பார்' என்று மகளிடம் கேட்டு எழுதிய இரண்டு வரி, பைக்குள் மறந்துபோன மூக்குக்கண்ணாடி எங்கே என்ற விசாரணை.