இரு பள்ளிகள் ஒன்றான கதை

இரண்டு நிறுவனங்களை ஒன்றாக்கும்போது ஊழியர்களிடம் அச்செய்தியை எவ்வாறு சொல்வது என்பதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், 2014ஆம் ஆண்டு, இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஒரே நிர்வாகத்தின் கீழ் அடுத்தடுத்த தெருக்களில் இரண்டு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகள் இருந்தன. என் பள்ளியில் 64 குழந்தைகளும் மூன்று ஆசிரியர்களும். மற்றதில் 48 குழந்தைகளும் இரண்டு ஆசிரியர்களும். அடுத்த ஜூன் முதல் இரண்டையும் ஒன்றாக்கத் துறையின் இசைவு கிடைத்தது. ஆசிரியர்களுக்கு அறிவிப்பு எழுதும்படி நிர்வாகம் என்னைப் பணித்தது.

நான் முதலில் எழுதியது ஒரே வரி: "இணைப்பினால் யாருக்கும் எவ்வித மாற்றமும் நேராது." மறுநாளே அதன் விளைவைக் கண்டேன். மற்ற நால்வரும் தனித்தனியே வந்து, "ஐயா, உண்மையைச் சொல்லுங்கள்" என்றார்கள். மாற்றம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அதை மறைத்த காகிதத்தில் மற்ற வரிகள் மெய்யாக இருந்தாலும் யார் நம்புவார்கள்? இனிக்க எழுதியதனால்தான் அச்சம் பெருகிற்று.

ஆகவே கணக்கை அவர்கள் முன்னிலையிலேயே போட்டுக் காட்டினேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். தனித்தனியே இருக்கையில் மூன்றும் இரண்டுமாக ஐந்து இடங்கள். ஒன்றாகச் சேர்ந்தாலோ 112 குழந்தைகள், நான்கே இடங்கள். ஓர் இடம் குறைகிறது. இதை ஒளிக்காமல் சொன்னேன். பிறகே ஆறுதலுக்கு வந்தேன். மற்றப் பள்ளியின் தலைமையாசிரியர் அந்த மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். குறைகிற இடம் அவருடையது. ஆதலால் எஞ்சிய நால்வருக்கும் நான்கு இடங்கள் இருந்தன. "அஞ்சாதீர்கள்" என்று நான் சொல்லியிருந்தால் அது என் வாய்ச்சொல். கணக்கு சொல்லும்போது அவர்களே சரிபார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

எனினும் கணக்கு அங்கே முடியவில்லை. ஆகஸ்ட் முதல் நாளன்று உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டே பணியாளர் நிர்ணயம் நடைபெறும். அன்று தொகை 90 ஆகக் குறைந்திருந்தால் மூவருக்கே இடம், இளையவர் உபரியாவார். அந்த இளைய ஆசிரியை எழுந்து, "அப்போது என் வேலை போய்விடுமா, ஐயா?" என்று கேட்டார். வேலை போகாது, ஊர் மாறலாம் என்றேன். உபரி ஆசிரியரைப் பணி நிரவலில் தேவையுள்ள வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். ஊதியம் தொடரும். ஆனால் எந்தப் பள்ளி என்பதை நான் சொல்ல இயலாது. இந்த மூன்றையும் தனித்தனியே எழுதிக் கொடுத்தேன். வேலையையும் வேலை செய்யும் இடத்தையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவதுதான் இத்தகைய அறிவிப்புகளில் நேரும் பெரும் பிழை. "பணி பாதுகாப்பானது" என்று படிப்பவர், நாளைக்கும் இதே வகுப்பறைதான் என்று பொருள் கொள்கிறார். மாறுதல் உத்தரவு வரும்போது ஏமாற்றப்பட்டதாக எண்ணுகிறார்.

சத்துணவுக் கூடத்து அம்மையார் ஒருவரும் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நான் வாக்களிக்கவில்லை. அவர் பணி எங்கள் நிர்வாகத்தின் கையில் இல்லை. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தைச் சேர்ந்தது. "உங்களைப் பற்றி உறுதி சொல்ல எனக்கு அதிகாரமில்லை, அம்மா. வெள்ளிக்கிழமை நானே அலுவலகம் சென்று கேட்டு வந்து சொல்கிறேன்" என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்போது, எந்த நாளில் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவ்வாறே வெள்ளிக்கிழமை சென்றேன். கிடைத்த விடை முழுமையானதன்று. இருந்தும் மாலையிலேயே அவரிடம் கூறினேன்.

இரண்டாம் அறிவிப்பை ஒரு பக்கத்தில் முடித்தேன். மாறுவது, மாறாதது, இன்னும் முடிவாகாதது என மூன்று தலைப்புகள். கடைசித் தலைப்பின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு தேதி. அதன்பின் தனியே வந்து கேட்டவர் எவருமில்லை.

ஆகஸ்ட் முதல் நாள் வந்தது. அன்று காலை இளைய ஆசிரியை வருகைப் பதிவேட்டைத் தாமே கூட்டிப் பார்த்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "நூற்றேழு, ஐயா" என்றார். நானும் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். கணக்குச் சரியாக இருந்தது.