யூடியூப் கோட்டா இரவிலேயே தீர்வது ஏன்?

ஏற்காடு கோடை விழா வீடியோக்களை 5 நிமிடத்துக்கு ஒருமுறை தேடித் திரட்டும் நிரல் ஒன்றை வைத்துக்கொள்வோம். யூடியூபின் ஏபிஐ தரும் வழக்கமான தினசரி ஒதுக்கீடு 10,000 அலகுகள். ஒரு தேடலுக்கே 100 போய்விடும்.

ஒதுக்கீடு புதுப்பிக்கப்படுவது கலிபோர்னியாவின் நள்ளிரவில். கோடையில் நமக்கு அது பகல் 12:30, குளிர்காலத்தில் 1:30. பகல் 12:30-க்குத் தொடங்கினால் 100 தேடல்கள் இரவு 8:45-க்கே முடிந்துவிடும். அதன்பின் மறுநாள் நண்பகல் தாண்டும்வரை `403`, `quotaExceeded` என்ற பதில்தான். அந்நேரத்தில் மீண்டும் மீண்டும் முயல்வதால் பலனே இல்லை.

`search.list` தேடலை மணிக்கு ஒன்றாகக் குறைத்தால் நாளுக்கு 2,400 அலகுகள்தான். கிடைத்த வீடியோக்களின் பார்வை எண்ணிக்கையை `videos.list` மூலம் 50, 50 ஆகக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் 1 அலகே செலவாகும்.