மூன்று கொட்டேஷன், மூன்று விலை

லிங்க்ட்இன் தளத்தில் ஒரு வீடியோ தானாக ஓடத் தொடங்கும்போது பெரும்பாலும் ஒலி இருக்காது. பார்ப்பவர் ஒரு தொழிற்சாலையின் பர்ச்சேஸ் மேனேஜர். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே திரையைத் தள்ளிக்கொண்டே போகிறார். நிறுவனத்தின் முத்திரை சுழன்று வந்து நிற்பதற்குள் அடுத்த பதிவுக்குப் போயிருப்பார். பொறியியல் சேவை நிறுவனங்கள் எடுக்கும் வீடியோக்களில் பாதி இப்படித்தான் வீணாகின்றன. படம்பிடித்தவர் மீது பழி போடுவதில் பயனில்லை. கோளாறு ஸ்கிரிப்டில் இருக்கிறது.

கம்ப்ரஸர் காற்று எங்கெங்கே கசிகிறது என்று கண்டுபிடித்துத் தரும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கோவையிலும் ஓசூரிலும் உள்ள பல ஆலைகளுக்குத் தேவைப்படும் சேவை இது. அழுத்தக் காற்று தயாரிக்கப் போகும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கசிவிலேயே போகும் ஆலைகள் சாதாரணம். இந்த நிறுவனம் வீடியோ எடுக்கும்போது வழக்கமாக என்ன சொல்லும்? எங்களிடம் நவீன அல்ட்ராசோனிக் கருவி இருக்கிறது, அனுபவமுள்ள குழு இருக்கிறது, மின்செலவு குறையும். பராமரிப்புப் பொறியாளர் இதைக் கேட்டுத் தலையாட்டுவார். ஆனால் ஆர்டர் போடுகிறவர் அவர் இல்லை.

பர்ச்சேஸ் மேனேஜரின் மேசையில் வேறொரு சிக்கல் கிடக்கிறது. இந்த வேலைக்கு அவர் மூன்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறார். ஒன்று 60,000 ரூபாய், இன்னொன்று 85,000, மூன்றாவது 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்றின் தலைப்பும் ஒன்றுதான்: காற்றுக் கசிவு ஆய்வு. முதலாமவர் வந்து நடந்து பார்த்து, கசிவுகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டாமவர் ஒவ்வொரு கசிவிலும் எண்ணிட்ட அட்டை கட்டி, அளவும் எழுதித் தருவார். மூன்றாமவர் ஆலையின் ஆட்கள் அவற்றைச் சரிசெய்த பிறகு மறுபடி வந்து அளந்தும் காட்டுவார். இந்த வித்தியாசம் கொட்டேஷனில் தெரியாது. ஒப்பீட்டுப் பட்டியலில் விலைக்கு மட்டுமே கட்டம் இருக்கிறது என்பதால், எல்-1 என்று 60,000 ரூபாய்க்காரருக்கு பி.ஓ. போய்விடும். ஆறு மாதம் கழித்து, மின்கட்டணம் ஏன் குறையவில்லை என்ற கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் இந்த மேனேஜர்தான்.

ஆகவே ஸ்கிரிப்டின் முதல் வரி அவருடைய மேசையிலிருந்தே தொடங்க வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"காற்றுக் கசிவு ஆய்வுக்கு மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. மூன்றிலும் வேலை ஒன்றுதானா? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: சரிசெய்த பிறகு மறுபடி அளந்து காட்டுவீர்களா?"

இந்த மூன்று வாக்கியங்களும் பெரிய எழுத்தில் திரையிலேயே வர வேண்டும், ஒலியில்லாமல் பார்ப்பவருக்கும் போய்ச் சேர. அதே நேரத்தில் காட்சி ஓடட்டும்: கண்ணாடியும் ஹெல்மெட்டும் அணிந்த டெக்னீஷியன், காதில் ஹெட்போனுடன், குழாய் இணைப்பு ஒன்றின் மேல் கருவியை மெல்ல நகர்த்துகிறார். கருவியில் அளவு ஏறுகிறது. 17 என்று எழுதிய அட்டையை அதே இடத்தில் கட்டுகிறார். கண்ணாடி இல்லாமல் ஒருவர் நிற்கும் ஒரே ஒரு காட்சி போதும். ஆலையின் பாதுகாப்பு அதிகாரி அந்த வெண்டரை உள்ளே விடமாட்டார் என்பது பர்ச்சேஸ் மேனேஜருக்கு உடனே தெரியும். வாடிக்கையாளரின் ஆலையில் எடுத்த படம் என்றால் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். சுவரிலோ இயந்திரத்திலோ அவர்கள் பெயர் தெரியக்கூடாது. இன்று அடுத்தவர் ஆலையைக் காட்டுபவர் நாளை நம் ஆலையையும் காட்டுவார் என்று யோசிப்பது இயல்புதானே.

அடுத்து வருவது பணக் கணக்கு. இங்கேதான் பல ஸ்கிரிப்டுகள் வழுக்குகின்றன. 3 மில்லிமீட்டர் துளை ஒன்று, 7 பார் அழுத்தத்தில், ஏறக்குறைய மூன்றரை கிலோவாட் மின்சாரத்தை விழுங்கும். ஆலை வருடத்துக்கு 6,000 மணி நேரம் ஓடினால் 21,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 1,68,000 ரூபாய். இந்தத் தொகையைத் திரையில் பளிச்சென்று போட ஆசை வரும். போடக்கூடாது. கசிவை அடைத்தால் அந்தப் பணம் முழுவதும் மிச்சமாகிவிடாது. பழைய வகை கம்ப்ரஸர்கள் காற்று தேவைப்படாதபோது நின்றுவிடுவதில்லை. அன்லோடில் சும்மா ஓடிக்கொண்டே, முழுச் சுமையின் மின்சாரத்தில் கால் பங்கு அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். அதைக் கழித்தால் உண்மையான மிச்சம் 1,26,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். வீடியோவில் "ஒரு லட்சத்துக்கு மேல், உங்கள் கம்ப்ரஸரின் வகையைப் பொறுத்து" என்று சொன்னால் போதும். பெரிய தொகையைச் சொல்லி நிதித் துறையிடம் மாட்டிக்கொள்ளும் நிலைக்கு அந்த மேனேஜரை ஆளாக்குவது அநியாயம்.

இதைவிட அவருக்குப் பயன்படுவது, யாரையும் கூப்பிடாமல் தன் ஆலையிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை. ஸ்கிரிப்டின் நடுப்பகுதி முழுவதையும் இதற்கே கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை, காற்று பயன்படுத்தும் எல்லா இயந்திரங்களும் நின்றிருக்கும்போது ஒரு கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். எவ்வளவு நேரம் லோடில் ஓடுகிறது, எவ்வளவு நேரம் அன்லோடில் ஓடுகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் அன்லோடு என்றால், 8 நிமிடத்தில் 2 நிமிடம் கசிவுக்காகவே உழைத்திருக்கிறது. அந்த கம்ப்ரஸரின் திறனில் 25 சதவீதம் ஓட்டைகளில் போகிறது என்று பொருள். வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வி.எஃப்.டி. கம்ப்ரஸருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். எல்லையைச் சொல்லும் வெண்டரை மற்ற விஷயங்களிலும் நம்பலாம் என்று தோன்றும்.

இவ்வளவையும் 75 வினாடிக்குள் அடக்க வேண்டும். சொற்களை எண்ணிக்கொண்டிருப்பதைவிட, எழுதியதைப் பேசும் வேகத்தில் வாய்விட்டுப் படித்துக் கடிகாரம் பார்ப்பதே சரி. 70 வினாடிக்கு மேல் போனால் முதலில் வெட்ட வேண்டியது நிறுவனத்தைப் பற்றிய வாக்கியங்கள். எப்போது தொடங்கினோம், எத்தனை கிளைகள் என்பதெல்லாம் நிறுவனப் பக்கத்திலேயே இருக்கிறது. பேசுபவர் நிர்வாக இயக்குநராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆய்வுக்கு நேரில் வரப்போகும் பொறியாளரே பேசினால், பி.ஓ. போட்டால் யார் வருவார்கள் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

கடைசி வரியில் "இன்றே அழையுங்கள்" வேண்டாம். புதிய வெண்டருக்கு அன்றே ஆர்டர் போடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஜி.எஸ்.டி. பதிவு, ஆட்களுக்கான பி.எஃப்., இ.எஸ்.ஐ. சான்றுகள், வங்கி விவரம் எல்லாம் வாங்கி, கணினியில் வெண்டராகப் பதிவு செய்த பிறகே எதுவும் நடக்கும். அதனால் இப்படி முடிக்கலாம்: "கொட்டேஷன்களை ஒப்பிட ஒரு பக்கப் படிவம் தயாராக இருக்கிறது. யாரிடம் வேலை கொடுத்தாலும் பயன்படும். கீழே உள்ள இணைப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்." அந்தப் படிவத்தில் எத்தனை நாள், அட்டை கட்டுவது உண்டா, அளவு எழுதுவது உண்டா, பழுது பார்ப்பது யார் பொறுப்பு, மறு அளவீடு உண்டா, விலையில் சேராதவை எவை என்ற கட்டங்கள் இருக்க வேண்டும். பதிவு ஆவணங்கள் தயாராக இருப்பதை வீடியோவுக்கு மேலே எழுதும் குறிப்பில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

வீடியோ வேலை செய்ததா என்பதைப் பார்வை எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட முடியாது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் சக வெண்டர்களாகவும் வேலை தேடுபவர்களாகவும் இருக்கக்கூடும். அடுத்த சில மாதங்களில் வரும் என்குயரிகளைப் பாருங்கள். "மறு அளவீட்டுக்குத் தனியாக விலை கொடுக்கவும்" என்ற வரி அவற்றில் தென்பட்டால், அந்தப் படிவம் சரியான மேசைக்குப் போயிருக்கிறது.