‘ஆவன செய்யவும்’ என்று எழுதாதீர்கள்

அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “மழைநீரைச் சேமிக்கணும் சார்” என்பார். எல்லோரும் தலையாட்டிவிட்டு லிஃப்ட் பராமரிப்புச் செலவைப் பேசப் போய்விடுவார்கள். அவர் சொன்னது சரிதான், ஆனால் தீர்விலிருந்து தொடங்கிவிட்டார். பிரச்சினை தங்களுடையது என்று உறைக்காதவரை, குழுவுக்குத் தீர்வு வெறும் செலவாகத்தான் தெரியும்.

சென்னையில் லாரித் தண்ணீர் வாங்கும் ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். மனுவின் முதல் பத்தியில் பருவநிலை மாற்றமெல்லாம் வேண்டாம். சங்கத்தின் வரவு செலவு நோட்டிலிருந்தே எழுதுங்கள்: சென்ற ஆண்டு எத்தனை லாரி வாங்கினோம், எவ்வளவு கொடுத்தோம், அவற்றில் மழை பெய்த வாரங்களில் வந்தவை எத்தனை. மொட்டைமாடித் தண்ணீர் தெருவில் ஓடும்போது வாசலில் லாரி நின்றது என்பது அதிலேயே தெரிந்துவிடும். பொருளாளர் வைத்திருக்கும் ரசீதுகளை யாரும் மறுக்க முடியாது.

தீர்வுக்கு இரண்டு வரி போதும். மாடியிலிருந்து இறங்கும் குழாய்களை மணலும் கூழாங்கல்லும் போட்ட வடிகட்டி வழியாகச் சம்ப்பில் சேர்ப்பது. அழுக்கோடு வரும் முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு வைப்பது.

ஆதாரத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது, மாடி 500 சதுர மீட்டர், ஆக 7 லட்சம் லிட்டர் மிச்சம் என்று எழுதக் கை பரபரக்கும். கூட்டத்தில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் நிச்சயம் இருப்பார். “பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் கொட்டிவிடுமே, சம்ப்பு நிரம்பினால் மிச்சம் எங்கே போகும்?” என்பார். மனு அங்கேயே படுத்துவிடும்.

அதைவிட, 50 மி.மீ. பெய்யும் ஒரே ஒரு நாளைக் கணக்கிடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 20,000 லிட்டர் வரும். 12,000 லிட்டர் லாரியில் ஒன்றரைக்கும் சற்று அதிகம். சம்ப்பில் அதற்கு மேல் இடமில்லை என்றால் அதையும் நீங்களே எழுதிவிடுங்கள். பொறியாளர் உங்கள் பக்கம் வந்துவிடுவார். ஒரு குழாயடியில் 200 லிட்டர் டிரம் வைத்து, மழையில் எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று படம்பிடித்துக் காட்டினால் இன்னும் நல்லது.

கடைசிப் பத்தியில் ‘ஆவன செய்யவும்’ என்று முடித்தால், ஒன்றும் செய்யாமலிருக்க நீங்களே அனுமதி கொடுத்த மாதிரி. செயலாளர் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளும்படி இருக்க வேண்டும்: “மூன்று மதிப்பீடுகளில் குறைந்ததை ஏற்று, பராமரிப்பு நிதியிலிருந்து இத்தனை ரூபாய்க்கு மிகாமல் செலவிட்டு, செப்டம்பர் 15க்குள் இணைப்பு வேலையை முடிக்கத் தீர்மானிக்கப்படுகிறது. மேற்பார்வை: மனுதாரர்.” தொகை இருக்கும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். மதிப்பீடுகளை மனுவோடு பின் செய்து கொடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். மனு ஜூலைக் கூட்டத்திலேயே மேசைக்கு வந்தாக வேண்டும்.