எட்டு மாதத்தில் போட்ட பணம் திரும்புமா? ஃபிரான்சைஸ் எடுக்கும் முன்

தொழில் கண்காட்சி அரங்குகளில் ஃபிரான்சைஸ் விற்கும் நிறுவனங்கள் ஒரு தாளைத் தவறாமல் கையில் கொடுக்கும். ஒரு பக்கம் முதலீடு, மறுபக்கம் மாத வரவு செலவு, அடியில் தடித்த எழுத்தில் லாபம். ஓய்வுப் பணம் கையில் வந்தவர்கள், வெளிநாட்டு வேலையை விட்டு ஊர் திரும்பியவர்கள், நகையை அடகு வைத்தாவது சொந்தமாக ஒரு கடை போட நினைக்கும் இளைஞர்கள் எனப் பலரும் அந்தத் தாளை நம்பித்தான் முன்பணம் கட்டுகிறார்கள். அந்தத் தாளில் உள்ள எண்களுக்கு யார் பொறுப்பு என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்கும் நிறுவனம், 23 தலைப்புகள் கொண்ட வெளிப்படுத்தல் ஆவணத்தை ஒப்பந்தத்துக்கோ பணம் வாங்குவதற்கோ குறைந்தது 14 நாள் முன்பே வாங்குபவரிடம் தந்தாக வேண்டும். எத்தனை கடைகள் மூடப்பட்டன, வெளியேறியவர்கள் யார், அவர்களை எப்படித் தொடர்புகொள்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். மலேசியாவில் 1998-லேயே ஃபிரான்சைஸுக்கென்று தனிச்சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் அப்படிப்பட்ட தனிச்சட்டம் கிடையாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் வணிகச் சின்னச் சட்டமும்தான் இங்கே துணை. நிறுவனம் தானாக எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாததால், கேட்டு வாங்கும் வேலை முழுவதும் பணம் போடுபவர் தலையில் விழுகிறது.

சட்டம் இருக்கும் நாட்டிலேயே என்ன நடந்தது என்பதற்கு ‘பர்கெரிம்’ ஓர் எடுத்துக்காட்டு. இந்த பர்கர் நிறுவனம் அமெரிக்காவில் 1,500-க்கும் மேற்பட்ட ஃபிரான்சைஸ்களை விற்றது. ஒவ்வொருவரிடமும் 50,000 முதல் 70,000 டாலர் வரை கட்டணம் வாங்கியது. கடை திறக்க முடியாவிட்டால் பணம் திரும்பும் என்றும் சொன்னது. பணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் கடையைத் திறக்கவே இல்லை. 2022-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் சார்பில் அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரப்பட்டது. கடைகள் நன்றாக ஓடினால்தான் வருமானம் என்ற நிலையில் உள்ள நிறுவனம் வேறு, ஃபிரான்சைஸ் கட்டணத்தை வாங்குவதே வருமானமாக உள்ள நிறுவனம் வேறு. எதிரே உட்கார்ந்திருப்பது எந்த வகை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வாங்குபவரின் முதல் வேலை.

தமிழ்நாட்டின் மாவட்டத் தலைநகர் ஒன்றில் டீக்கடை ஃபிரான்சைஸ் எடுப்பதாக வைத்து, கற்பனையான ஒரு தாளைப் பிரித்துப் பார்ப்போம். முதலீடு 10 லட்சம் ரூபாய். நாள் விற்பனை 12,000 என்றும், மாதம் 3.6 லட்சம் என்றும் தாள் சொல்கிறது. செலவுப் பக்கத்தில் பால், தூள், பலகாரம் உள்ளிட்ட சரக்குக்கு 40 சதவீதம், அதாவது 1,44,000. வாடகை 25,000. இரண்டு பேருக்குச் சம்பளம் 36,000. மின்சாரமும் கேஸும் 10,000. ராயல்டி 5 சதவீதம், 18,000. எல்லாம் போக மாதம் 1,27,000 மிஞ்சுகிறது. எட்டு மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. முதல் வரியிலுள்ள 12,000 எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. அதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. அதே நிறுவனத்தின் பெயரில், ஏறக்குறைய அதே அளவுள்ள ஊரில் ஓடும் கடைக்குக் காலையில் திறந்ததும் போய் ஒரு டீ குடித்துப் பில் வாங்க வேண்டும். இரவு கடை மூடும் நேரத்தில் இன்னொரு டீ, இன்னொரு பில். காலை பில் எண் 41, இரவு பில் எண் 268 என்றால் அன்று 227 பில்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒரு பில்லின் சராசரி எவ்வளவு என்பது பிடிபடும். அது 31 ரூபாய் என்றால் அன்றைய விற்பனை ஏழாயிரத்துச் சொச்சம். வார நாளில் ஒரு முறையும் ஞாயிற்றுக்கிழமை ஒரு முறையும், குறைந்தது மூன்று ஊர்களில் இதைச் செய்தால் தாளில் உள்ள எண்ணின் நிறம் தெரிந்துவிடும். நிறுவனமே அழைத்துக்கொண்டு போய்க் காட்டும் கடையை மட்டும் கணக்கில் சேர்க்கக் கூடாது.

இப்போது 7,000 ரூபாயை வைத்து அதே கணக்கைப் போடுவோம். மாத விற்பனை 2,10,000. விலைப் பலகையில் உள்ள விலையிலேயே உணவகங்களுக்கான 5 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. அதில் 10,000 அரசுக்குப் போய் 2,00,000 நிற்கும். நிறுவனத்தின் தாளில் இந்த வரியே இல்லை. தூளை நிறுவனத்திடமே வாங்க வேண்டும் என்பதாலும், மீந்த பலகாரம் வீணாவதாலும் சரக்குச் செலவு 45 சதவீதம் ஆகும், அது 90,000. காலை ஐந்து மணி முதல் இரவு வரை திறந்திருக்கும் கடையை இரண்டு பேரால் நடத்த முடியாது. டீ மாஸ்டர், உதவியாள், கல்லாவில் ஒருவர் என மூன்று பேருக்கு 52,000. வாடகை அதே 25,000. கேஸ், மின்சாரம் 14,000. ராயல்டி 10,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,800. இந்த 5 சதவீத வரி முறையில் உள்ள உணவகம், ராயல்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரிச் சலுகையாகத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் அதுவும் முழுச் செலவுதான். எல்லாம் போக மிஞ்சுவது 7,200 ரூபாய். முதலீட்டில் 6 லட்சம் வங்கிக் கடன் என்றால், 12 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 13,350. மாதா மாதம் ஆறாயிரம் ரூபாயைக் கைக்காசிலிருந்து போட்டுத்தான் கடையை நடத்த முடியும். முதலாளியின் சொந்த உழைப்புக்கு இதில் ஒரு பைசா கூட இல்லை.

இந்தக் கணக்கு எல்லாக் கடைக்கும் பொருந்தாது. பேருந்து நிலைய வாசலில் இருக்கும் கடை 12,000-ஐத் தாண்டவும் செய்யும். ஆனால், விற்பனை எந்த அளவுக்குக் கீழே போனால் நட்டம் தொடங்கும் என்று தெரியாமல் கையெழுத்திடுவது ஆபத்து.

இதற்கான உண்மையான தகவல் இருப்பது, ஏற்கெனவே கடை எடுத்தவர்களிடமும் மூடிவிட்டுப் போனவர்களிடமும்தான். ஓடும் கடைகளின் பட்டியலை நிறுவனம் உடனே தரும். கடந்த மூன்றாண்டுகளில் மூடியவை, கைமாறியவை எவை என்ற பட்டியலை மின்னஞ்சலில் கேட்க வேண்டும். தர மறுத்தாலும் வழி இருக்கிறது. கூகுள் மேப்பில் அந்தப் பெயரைத் தேடினால் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்ற குறிப்போடு பழைய கடைகள் வரும். அக்கம்பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்தால் நடத்தியவரைப் பிடித்துவிடலாம். லாபம் வந்ததா என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகவே வரும். மூன்றாம் மாதத்தில் நாள் விற்பனை எவ்வளவு, தூளை வெளியில் என்ன விலைக்கு வாங்கலாம், மெஷின் பழுதானால் எத்தனை நாளில் ஆள் வந்தார், வெளியேறும்போது டெபாசிட் திரும்ப வந்ததா என்று கேட்க வேண்டும்.

கட்டணப் பக்கத்தில் கவனிக்க வேண்டியது, நிறுவனம் எங்கே சம்பாதிக்கிறது என்பது. ‘ராயல்டியே கிடையாது’ என்று விளம்பரம் செய்யும் நிறுவனம், கட்டாயமாக வாங்க வேண்டிய தூளிலும் கோப்பையிலும் லாபம் வைத்திருக்கலாம். உள் அலங்காரத்தை நிறுவனம் சொல்லும் ஆளே செய்ய வேண்டும் என்றால், அதே வேலைக்கு உள்ளூர்த் தச்சரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் விலை கேட்டுப் பார்ப்பது நல்லது. ஒப்பந்தம் ஐந்தாண்டில் முடிந்தால் புதுப்பிக்கக் கட்டணம் உண்டா, கடையை வேறொருவருக்கு விற்றால் நிறுவனத்துக்கு எவ்வளவு என்பவை பெரும்பாலும் பின்பக்கங்களில் இருக்கும்.

எல்லை பற்றிய வாக்குறுதியும் அப்படித்தான். ‘2 கிலோமீட்டருக்குள் வேறு கடை தரமாட்டோம்’ என்று பேச்சில் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தாலும் பெட்ரோல் பங்க், மருத்துவமனை வளாகம், ரயில் நிலையம் ஆகியவற்றில் வைக்கும் சிறு கடைகளுக்கும், செயலி வழி டெலிவரிக்கும், அதே நிறுவனம் வேறு பெயரில் தொடங்கும் கடைக்கும் விலக்கு இருக்கலாம். வரைபடத்தில் எல்லையைக் கோடிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்வதே பாதுகாப்பு. உதவி என்ற சொல்லையும் இதே போல அளவாக மாற்ற வேண்டும்: எத்தனை நாள் பயிற்சி, திறப்பு விழாவுக்கு எத்தனை பேர் வருவார்கள், சரக்கு வராத நாளுக்கு என்ன ஈடு.

வணிகச் சின்னத்தைச் சரிபார்ப்பது அரை மணி நேர வேலை. வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையத் தேடலில் பெயரைப் போட்டால் அது பதிவானதா, விண்ணப்ப நிலையில் இருக்கிறதா, ஆட்சேபம் உள்ளதா என்று தெரியும். உணவகச் சேவைக்கு உரியது 43-ஆம் வகுப்பு. பதிவாகாத பெயருக்கு ஃபிரான்சைஸ் கட்டணமாக மூன்று லட்சம் கட்டுவது, நாளை இன்னொருவர் தடை வாங்கினால் பலகையையே இறக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய் விடும். mca.gov.in தளத்தில் நிறுவனம் எப்போது பதிவானது, இயக்குநர்கள் யார் என்பதையும், இ-கோர்ட்ஸ் தளத்தில் அந்தப் பெயரில் உள்ள வழக்குகளையும் பார்க்கலாம்.

பணம் மட்டும் போடுங்கள், கடையை நாங்களே நடத்தி மாதம் இவ்வளவு உறுதியாகத் தருகிறோம் என்பது வேறு வகை ஆபத்து. கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் தொகை வரும் என்றால், அந்தப் பணம் புதிதாகச் சேர்பவர்களின் முதலீட்டிலிருந்து வரலாம். அப்படிப் பணம் திரட்டி ஏமாற்றியது என்று தெரிந்தால், தமிழ்நாட்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் தரலாம். வைப்பீட்டாளர் நலனைக் காக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பிரபல நிறுவனங்களின் பெயரில் போலி இணையதளம் நடத்தி முன்பணம் வாங்கும் மோசடியில் சிக்கியவர்கள், நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க அதுவே வழி.

உண்மையான நிறுவனமே பொய்க் கணக்கைக் காட்டி ஒப்பந்தம் போட்டிருந்தால்? ஒப்பந்தச் சட்டத்தின் 17, 18, 19-ஆம் பிரிவுகள் உதவும். மோசடியாலோ தவறான தகவலாலோ பெறப்பட்ட சம்மதத்தை ரத்து செய்யக் கோரலாம். ஆனால் 19-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: தவறான தகவலோ மௌனமோதான் காரணம் என்னும்போது, சாதாரணக் கவனத்தோடு விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் ரத்து கோர முடியாது. பில் எண்ணைப் பார்க்கக் கூட முயலாதவரிடம் நிறுவனத்தின் வழக்கறிஞர் இதைத்தான் கேட்பார். பல ஒப்பந்தங்களில், எழுத்தில் உள்ளதைத் தவிர வேறெந்த வாக்குறுதியும் செல்லாது என்ற வரியும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும், ‘நீங்கள் இன்று சொன்னவை இவை’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அவற்றை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

தகராறு எங்கே தீர்க்கப்படும் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். நடுவர் தீர்ப்பாயம் டெல்லியில் என்று இருந்தால், மூன்று லட்சத்தை மீட்க ஆகும் செலவே பலரைச் சோர்ந்துபோக வைக்கும். சென்னை என்றோ சொந்த மாவட்டம் என்றோ மாற்றக் கேட்கலாம். நடுவர் ஷரத்து இல்லாவிட்டால், ஃபிரான்சைஸ் வழக்குகள் 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருக்கும்போது வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அவசர உத்தரவு தேவைப்படாத வழக்குகளில் அதற்கு முன் சமரச முயற்சி கட்டாயம். நுகர்வோர் ஆணையத்தில், வணிக நோக்கம் என்று சொல்லி வழக்கைத் தள்ளும் வாய்ப்பு அதிகம். தானே உழைத்துப் பிழைப்பு நடத்துவதற்காக எடுத்த ஒற்றைக் கடை என்று காட்ட முடிந்தவர் அங்கே வாதாடிப் பார்க்கலாம்.

மூடிய கடைகளின் பட்டியல் எழுத்தில் வரும் வரை, ‘இன்றைக்கு மட்டும் இந்தச் சலுகை’ என்று எத்தனை முறை அழைத்தாலும் டோக்கன் அட்வான்ஸாகக் கூடப் பணம் கட்ட வேண்டாம்.