1900 பிப்ரவரி 29

எக்செலில் 1900 பிப்ரவரி 29 என்று ஒரு தேதி உண்டு. நாட்காட்டியில் அப்படி ஒரு நாளே இல்லை. அதற்கு முன் பரவலாக இருந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருள் 1900ஐ லீப் ஆண்டாக எண்ணியது. அதனோடு ஒத்துப்போக எக்செலும் அந்தப் பிழையை அப்படியே வைத்துக்கொண்டது.

4ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு, 100ஆல் வகுபட்டால் இல்லை, 400ஆலும் வகுபட்டால் மறுபடி லீப் ஆண்டு. இதுதான் கிரிகோரியன் விதி. சொன்ன வரிசையிலேயே if, elif என்று நிரல் எழுதினால் மாட்டிக்கொள்வோம். முதலில் பொருந்தும் கிளையோடு கணினி நின்றுவிடும். 1900 நான்கால் வகுபடுவதால் முதல் கேள்விக்கே ‘ஆம்’ கிடைக்கும்; 100 பற்றிய கேள்விக்கு முறையே வராது. ஆகவே விதிவிலக்கின் விதிவிலக்கிலிருந்து தொடங்க வேண்டும்: முதலில் 400, பிறகு 100, கடைசியில் 4.

பைத்தானில் ஒரே வரியிலும் எழுதலாம்:

```
y % 4 == 0 and (y % 100 != 0 or y % 400 == 0)
```

2023ஐக் கொடுத்தால் முதல் சோதனையே பொய். `and` இருப்பதால் அடைப்புக்குள் கணினி எட்டிப் பார்ப்பதே இல்லை. நான்கில் மூன்று ஆண்டுகளுக்கு வேலை அங்கேயே முடிகிறது. அடைப்புக்குறியையும் சோதனைகளையும் இடம் மாற்றினால் கதை வேறு:

```
(y % 4 == 0 or y % 400 == 0) and y % 100 != 0
```

படிக்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் 2000ஐக் கடைசிச் சோதனை தள்ளிவிடும்.

வெறும் 4ஐ மட்டும் சோதிக்கும் நிரல் 1901 முதல் 2099 வரை சரியாகவே விடை சொல்லும். அதனால் சோதிக்கும்போது 2023, 2024 போதாது. 1900, 2000 இரண்டையும் கொடுத்துப் பாருங்கள்.