தேர் திரும்பும் முனையில் கேமரா

1968-இன் தொடக்க மாதங்களில் பிரெஞ்சு இயக்குநர் லூயி மால் இந்தியா முழுக்கச் சுற்றினார். கூட வந்தவர்கள் இரண்டே பேர்: ஒரு ஒளிப்பதிவாளர், ஒரு ஒலிப்பதிவாளர். திரைக்கதை எதுவும் கையில் இல்லை. கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு போய், பாரிஸில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, தன் குரலிலேயே பேசி, 'ஃபாண்டம் இந்தியா' என்ற 7 பகுதித் தொடராக்கினார். இரண்டாம் பகுதி முழுக்கச் சென்னை. கலாக்ஷேத்ராவும், 'தில்லானா மோகனாம்பாள்' படப்பிடிப்பும் அதில் வருகின்றன. ஆனால் பார்த்தவர்கள் மறக்காதது மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தேரோட்டம்தான்.

அந்தத் தேரையே வைத்துக்கொள்வோம். அதே வீதி, அதே வடம். ஆவணப்படக்காரர்கள் மூன்று பேர் வருகிறார்கள். ஒருவர் குறுக்கே பேசாமல் நடப்பதை மட்டும் எடுப்பவர். இன்னொருவர் ஆட்களைப் பேசவைத்து அந்தப் பேச்சின் மேல் படத்தைக் கட்டுபவர். மூன்றாமவர் மாலைப் போல, பார்த்ததைப் பற்றித் தன் யோசனையைச் சொல்பவர். உற்றுநோக்கும் படம், பேட்டிப் படம், கட்டுரைப் படம் என்று இவற்றைப் பிரிக்கலாம். இந்த வேறுபாடு எடிட்டிங் மேசையில்தான் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. விளக்கம் சொல்லப்போவது யார் என்பது முடிவான உடனேயே, கேமராவை எங்கே நிறுத்துவது என்பதும் முடிவாகிவிடுகிறது.

முதலாமவர் நிற்க வேண்டிய இடம் மாடவீதி திரும்பும் முனை. நேர் வீதியில் தேர் போவது கண்ணுக்கு அழகு, ஆனால் அங்கே எதுவும் நடப்பதில்லை. முனையில்தான் சிக்கல். முட்டுக்கட்டை போடுபவர் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் சரித்து வைக்கிறார். ஒரு பக்கச் சக்கரம் தடுமாற, மறுபக்கம் முன்னே போக, அத்தனை உயரத் தேரும் மெல்லத் திரும்புகிறது. கட்டையை ஒரு நொடி தாமதித்து இழுத்தால் விரல் போய்விடும். இதைப் படமாக்க ட்ரைபாட் உதவாது. கேமரா தோளில் இருக்க வேண்டும். தூரத்தில் நின்று ஜூம் போடாமல், அகலமான லென்ஸுடன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். கட்டை பிடித்த கை, சக்கரம், சைகை காட்டுபவரின் முகம், வடத்தைப் பிடித்துக் காத்திருப்பவர்கள், எல்லாம் ஒரே ஓட்டத்தில் பதிய வேண்டும். இழுக்கத் தொடங்குவதும் வேண்டும், நின்று மூச்சு வாங்குவதும் வேண்டும். நடுப்பகுதி மட்டும் இருந்தால் அது நிகழ்ச்சி ஆகாது, வெறும் அசைவு.

பின்னணிக் குரல் இல்லாததால் ஒரு பெரிய கேள்வி எழுகிறது. இது எந்த வீதி, ஏன் நின்றது, அடுத்து என்ன என்று பார்வையாளருக்கு யார் சொல்வது? படத்துக்குள் இருப்பவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்பு, கயிற்றுக்கு அப்பால் போகச் சொல்லும் போலீஸ்காரர், தோளில் இருக்கும் பேரனுக்குச் சக்கரத்தைக் காட்டும் தாத்தா. ஒளிப்பதிவாளர் தேரைவிட இந்தப் பேச்சுகளையே அதிகமாகத் தேடவேண்டும். அமெரிக்க இயக்குநர் பிரெடரிக் வைஸ்மனின் படங்களில் ஏன் இத்தனை கூட்டங்கள், நேர்காணல் அறைகள், கவுன்டர்கள் என்று யோசித்தால் இது புரியும். 1967-இல் வந்த 'டிடிகட் ஃபாலீஸ்' குற்றவாளி மனநோயாளிகள் இருந்த ஒரு சிறை மருத்துவமனையைப் பற்றியது. அதிலிருந்தே அவர் படங்களில் வர்ணனை இல்லை, இயக்குநர் எடுக்கும் பேட்டி இல்லை, சேர்த்த இசை இல்லை, ஆளின் பெயரைத் திரையில் போடும் வழக்கமும் இல்லை. ஆனால் அவர் தேர்ந்தெடுக்கும் இடங்களில் வேலை நிமித்தமாகவே மனிதர்கள் விளக்கம் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். டாக்டர் நோயாளியிடம் கேட்பார், மேலாளர் ஊழியரிடம் சொல்வார். வர்ணனையாளரின் வேலையை அவர்களே பார்த்துவிடுகிறார்கள்.

அந்தக் காலத்து 16 மி.மீ. கேமராவில் 400 அடி ஃபிலிம் சுமார் 11 நிமிடம் ஓடும். எப்போது ஓடவிடுவது என்று கேமராமேன் மோப்பம் பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது மெமரி கார்டில் காலையிலிருந்து மாலைவரை எடுத்துத் தள்ளலாம். அதனால் பிரச்சினை தலைகீழாகிவிட்டது. எடிட்டர் முன்னால் மணிக்கணக்கில் ஃபுட்டேஜ் இருக்கும், ஒரு நிகழ்ச்சிகூட முழுதாக இருக்காது.

இரண்டாமவர் தேரை எடுக்கும் முன்பே முட்டுக்கட்டைக்காரரைத் தேடிப் போயிருப்பார். பேட்டிப் படத்தின் முதுகெலும்பு பேச்சு. காட்சிகள் அந்தப் பேச்சைத் தாங்க வருபவை. ஆகவே இங்கே வரிசையே மாறுகிறது: முதலில் பேட்டி, பிறகு அதை எழுத்தில் இறக்கி வாசித்து, எந்த வரிக்கு எந்தக் காட்சி வேண்டும் என்று குறித்துக்கொண்டு, அதற்கப்புறம் படப்பிடிப்பு. "அப்பா காலத்துல கட்டை புளிய மரத்துல செய்வாங்க" என்று அவர் சொன்னால் கட்டையின் க்ளோசப் தேவை. எதற்குத் தேவை? விளக்கத்துக்காக மட்டுமல்ல. பேட்டியை வெட்டினால் முகம் ஒரு துள்ளு துள்ளும். அந்த வெட்டை மறைக்கக் கட்டையின் படம் மேலே விழ வேண்டும். கேள்வி கேட்டவரின் குரல் படத்தில் வராது என்றால், பதிலிலேயே கேள்வியும் இருக்க வேண்டும். "எத்தனை வருஷமா போடறீங்க?" "முப்பது." இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "நான் முப்பது வருஷமா இந்தத் தேருக்குக் கட்டை போடறேன்" என்று முழு வாக்கியமாக வாங்க வேண்டும். அனுபவம் இல்லாதவர்கள் இதில்தான் முதலில் சறுக்குவார்கள்.

எங்கே உட்காரவைத்துப் பேசவைக்கிறோம் என்பதும் ஷாட் தேர்வுதான். கிளாட் லான்ஸ்மனின் 'ஷோவா' (1985) ஒன்பதரை மணிநேரப் படம். யூத இன அழிப்பைப் பற்றியது. ஆனால் அதில் பழைய காட்சி ஒன்றுகூடக் கிடையாது, பேசும் மனிதர்களும் அந்த இடங்களின் இன்றைய தோற்றமும் மட்டும்தான். ட்ரெப்லிங்கா முகாமில் பெண்களை விஷவாயு அறையில் கொல்லுமுன் அவர்கள் தலைமுடியை வெட்டக் கட்டாயப்படுத்தப்பட்டவர் ஆபிரகாம் பாம்பா. அவரை லான்ஸ்மன் நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்கவில்லை. டெல் அவிவில் ஒரு முடிதிருத்தகத்தை வாடகைக்கு எடுத்தார். ஒரு மனிதரின் தலையில் கத்தரியை ஓட்டியபடியே பாம்பா பேசினார். கை பழகிய வேலையைச் செய்துகொண்டிருக்க, குரல் சமமாக வந்துகொண்டிருந்தது. உடன் வேலை பார்த்த ஒருவரின் மனைவியும் தங்கையும் உள்ளே வந்த நாளைச் சொல்லும்போது பேச்சு நின்றுவிடுகிறது. தொடரச் சொல்லி லான்ஸ்மன் கேட்கிறார். பாம்பா முடியாது என்கிறார். கேமரா வெட்டாமல் முகத்திலேயே நிற்கிறது. வேறு யாராவது எடுத்திருந்தால் அங்கே ஒரு முகாமின் புகைப்படத்தைப் போட்டு அந்த மௌனத்தை மூடியிருப்பார்கள். அப்படி வற்புறுத்தியது சரியா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. எனக்கும் அந்த இடத்தைப் பார்க்கும்போது லான்ஸ்மன் மேல் கோபம் வரும். ஆனாலும் பேட்டியும் செயலும் ஒரே ஷாட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் தெரியவில்லை. நம் முட்டுக்கட்டைக்காரரையும் கோயில் மண்டபத்தில் பூந்தொட்டிக்கு முன்னால் உட்காரவைக்க வேண்டாம். சக்கரத்தருகே, கையில் கட்டையுடன் நிற்கட்டும்.

மூன்றாமவருக்கு முனையும் முக்கியமில்லை, முட்டுக்கட்டைக்காரரின் பேட்டியும் கட்டாயமில்லை. அவர் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்: வீதியோரம் குவிந்த செருப்புகள், மாடியில் நின்று பார்க்கும் பெண்கள், தேருக்கு முதுகைக் காட்டி வியாபாரம் செய்யும் பலூன்காரர். காட்சிகளை இணைப்பது நிகழ்ச்சியின் வரிசை இல்லை, ஒரு மனத்தின் ஓட்டம். அதனால் ஷாட்டுகள் சற்று நீளமாகவும் சற்றுத் திறந்தும் இருக்க வேண்டும், வாக்கியம் வந்து உட்கார இடம் இருக்கும்படி. அந்த வாக்கியம் திரையில் தெரிவதையே திரும்பச் சொன்னால் படம் செத்தது. நம் தியேட்டர்களில் படத்துக்கு முன் கட்டாயமாகக் காட்டிய ஃபிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படங்களை நினைத்துப் பாருங்கள். அணை தெரியும், "இதோ அணை" என்று கனத்த குரல் முழங்கும்.

குரல் படத்தை என்ன செய்ய முடியும் என்பதைக் கிறிஸ் மார்க்கர் 'லெட்டர் ஃப்ரம் சைபீரியா'வில் (1957) பட்டவர்த்தனமாகக் காட்டினார். யாகூட்ஸ்க் நகரத் தெரு. ஒரு பஸ் போகிறது, தொழிலாளர்கள் சாலையைச் சமன் செய்கிறார்கள், அவ்வூர்க்காரர் ஒருவர் கேமராவைப் பார்த்தபடி கடக்கிறார். அதே காட்சி மூன்று தடவை ஓடுகிறது. முதல் வர்ணனை சோவியத்தைப் புகழ்கிறது: நவீன நகரம், மகிழ்ச்சியான தொழிலாளர்கள். இரண்டாவது வசை பாடுகிறது: இருண்ட ஊர், அடிமைகளைப் போன்ற கூலிகள். மூன்றாவது நடுநிலை. அந்த நடுநிலைக் குரலும் உண்மையைப் பிடித்துவிடவில்லை என்று மார்க்கர் அடுத்துச் சொல்வதுதான் அதில் முக்கியம். மூன்றிலும் ஒரு ஃபிரேமைக்கூட அவர் மாற்றவில்லை.

இந்த மூன்று வழிகளையும் பிரித்துப் பார்க்க எளிய அடையாளம் ஒன்று உண்டு: கேமராவைப் பார்க்கும் கண்கள். தேர் கூட்டத்தில் கேமராவுடன் நின்றால் பத்துப் பேராவது லென்ஸையே பார்ப்பார்கள். உற்றுநோக்கும் படத்தின் எடிட்டர் பெரும்பாலும் அந்த ஷாட்டைத் தூக்கி எறிவார். நாங்கள் அங்கே இல்லை என்ற பாவனை அதில் உடைந்துவிடுகிறது. பேட்டிப் படத்தில் பேசுபவர் லென்ஸுக்குச் சற்றுப் பக்கத்தில், கேள்வி கேட்பவரைப் பார்க்கிறார். கேமரா அவர் கண்மட்டத்தில் இருக்க வேண்டும், கொஞ்சம் மேலே ஏறினாலும் விசாரணைக்கு நிறுத்தியது போலாகிவிடும். மாலோ அந்தப் பார்வைகளை வெட்டாமல் வைத்துக்கொண்டார். தொடரின் முதல் பகுதிக்கு அவர் வைத்த பெயரே 'சாத்தியமில்லாத கேமரா'. பார்க்கப்படுகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்போது, இங்கே வந்து படம் பிடிக்க எனக்கு என்ன உரிமை என்று வர்ணனையில் தன்னையே கேட்டுக்கொள்கிறார். மற்றவருக்குக் கழிவாகப் போகும் ஷாட் கட்டுரைப் படக்காரருக்குப் பொருளாகிறது.

ஆனால் தன்னைக் கேட்டுக்கொள்வது ஒன்று, எதிரே நிற்பவரைக் கேட்பது வேறு. தொடர் முழுக்க நம் மனதில் ஓடுவது மாலின் எண்ணம். வடம் பிடித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அவர்தான் ஊகிக்கிறார். 1970-இல் பிபிசி இதை ஒளிபரப்பியபோது, வறுமையை மட்டுமே காட்டுகிறது என்று இந்திய அரசு கொதித்தது. பிபிசியின் டெல்லி அலுவலகம் மூடப்படும் அளவுக்குப் போனது. அரசின் கோபம் எனக்கு நியாயமாகப் படவில்லை. மாலின் குரலுக்கு எதிர்க்குரலே படத்தில் குறைவு என்ற குறை மட்டும் நியாயமானது.

இப்போது பெரும்பாலான படங்கள் கலப்புதான். முதுமலை தெப்பக்காடு முகாமில் எடுத்து 2023-இல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' படத்தில் பொம்மனும் பெள்ளியும் குட்டி யானையைக் குளிப்பாட்டுவது உற்றுநோக்கும் பாணி. அதன் மேல் ஒலிப்பது அவர்களே பேசிப் பதிவான பேச்சு. பேட்டி வர்ணனையாக மாறிவிட்டது, வெளியாள் குரல் தேவைப்படவில்லை. இதைப் பார்த்துவிட்டுப் பலரும் அதே வழியில் இறங்குகிறார்கள். அவர்கள் கவனிக்காதது ஒன்று: பேச்சைத் தனியாகப் பதிவு செய்தாலும், குளிப்பாட்டும் நேரத்துத் தண்ணீர்ச் சத்தமும் யானையின் மூச்சும் அவ்விடத்திலேயே சுத்தமாகப் பதிவாகியிருக்க வேண்டும். அது இல்லாமல் குரலை மட்டும் மேலே ஒட்டினால் படம் ஊமைக்காட்சியாகிவிடும். உடனே எடிட்டர் புல்லாங்குழல் இசையைத் தேடத் தொடங்குவார்.